நோன் ஷிப்பர் ஆனாலும் பெட்டியைத் திறப்பார்கள்

சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தை ஒட்டிய எல்க் குரோவ் வில்லேஜில், அனுப்புகிறவர்களின் சரக்கை வாங்கி விமானத்தில் ஏற்றிவிடும் ஒரு ஃபார்வர்டர் நிறுவனத்தின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சரக்கு அனுப்புகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இரண்டு கேள்விகள். ஃப்ளைட் ராத்திரி எட்டரைக்குத்தானே, சரக்கை ஏன் காலையிலேயே கேட்கிறீர்கள்? நாங்கள் நோன் ஷிப்பர் ஆயிற்றே, எங்கள் பெட்டியை ஏன் பிரித்தார்கள்? இந்த இரண்டும் தனித்தனிக் கேள்விகள் மாதிரி தெரியும். ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நோன் ஷிப்பர், அதாவது தெரிந்த அனுப்புநர், என்பது அமெரிக்காவில் டிஎஸ்ஏ, அதாவது போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், நடத்தும் ஒரு ஏற்பாடு. சரக்கு அனுப்பும் நிறுவனம் உண்மையில் இருக்கிறதா, சொன்ன முகவரியில்தான் இயங்குகிறதா என்று பார்த்து அதைத் தெரிந்த நிறுவனம் என்று பதிவு செய்கிறார்கள். நிறுவனமே நேராகப் போய்ப் பதிவு செய்துகொள்ள முடியாது. ஃபார்வர்டரோ விமான நிறுவனமோ அதற்காக விவரங்களை டிஎஸ்ஏவின் கணினியில் ஏற்றுவார்கள். பெயர், தெரு முகவரி, தொலைபேசி எண் பொருந்தினால் சீக்கிரமே பச்சைக்கொடி வந்துவிடும். பொருந்தாவிட்டால் தாள்கள் கேட்டு, தேவைப்பட்டால் ஆளை நேரில் அனுப்பிப் பார்த்துத்தான் முடிப்போம். அதற்கு நாள் பிடிக்கும்.

இந்தப் பதிவு தருவது ஒரே ஒரு அனுமதிதான். உங்கள் சரக்கு பயணிகள் விமானத்தின் வயிற்றில் போகலாம். பதிவு இல்லையென்றால் பயணிகள் விமானம் கிடையாது, ஃப்ரெயிட்டர் எனப்படும் சரக்கு விமானம் மட்டும்தான். பெட்டியைச் சோதிப்பது, அதாவது ஸ்கிரீனிங், இதிலிருந்து முற்றிலும் வேறு விஷயம். நோன் ஷிப்பரின் பெட்டியும் பயணிகள் விமானத்தில் ஏறுவதற்கு முன் சோதிக்கப்பட்டே ஆக வேண்டும். யார் அனுப்புகிறார்கள் என்பது ஒரு கேள்வி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதைத் தள்ளுபடி செய்வதில்லை.

இதைப் பழைய ஆட்கள் நம்ப மறுப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பல ஆண்டுகள், சரக்குப் பாதுகாப்பின் பெரும் பாரத்தை நோன் ஷிப்பர் பதிவுதான் சுமந்தது. அப்போது பெட்டிகளில் ஒரு பகுதியை மட்டுமே சோதித்தார்கள். 2007இல் வந்த சட்டம் பயணிகள் விமானச் சரக்கில் பாதியை 2009 பிப்ரவரிக்குள்ளும், முழுவதையும் 2010 ஆகஸ்டுக்குள்ளும் சோதிக்க வேண்டும் என்றது. அதே 2010 அக்டோபரில் ஏமனிலிருந்து சிகாகோ முகவரிகளுக்கு அனுப்பப்பட்ட பிரிண்டர்களின் டோனர் கார்ட்ரிட்ஜில் வெடிமருந்து இருந்தது. ஒன்று துபாயிலும், மற்றொன்று இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்திலும் பிடிபட்டது. அதன்பின் உலகெங்கும் சரக்கு விதிகள் இறுகின. கடைசியாக 2021 ஜூன் 30 முதல், அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போகும் சரக்கு விமானங்களுக்கும் சோதனை வந்துவிட்டது. பாதுகாப்பான பேக்கிங் கூடம் என்று டிஎஸ்ஏ ஏற்றுக்கொண்ட இடத்திலிருந்து வரும் சரக்குக்கு மட்டும் தனி வழி உண்டு. ஆகவே "பதிவு இல்லாவிட்டால் என்ன, ஃப்ரெயிட்டரில் போடுங்கள், யாரும் திறக்க மாட்டார்கள்" என்ற பழைய பேச்சு இப்போது செல்லாது.

இது நடைமுறையில் எப்படி விளையாடுகிறது என்று ஒரு ஸ்பிண்டில் கதை மூலம் சொல்கிறேன். சிஎன்சி இயந்திரத்தில் வேகமாகச் சுழலும் தண்டுப் பகுதிதான் ஸ்பிண்டில். அதைப் பிரித்து, பேரிங் மாற்றிப் புதிதுபோல் ஆக்கித் தரும் சிறு பட்டறை ஒன்று இல்லினாய்ஸின் ராக்ஃபோர்டில் இருக்கிறது. இயந்திரக் கருவிகளுக்குப் பேர்போன ஊர் அது. கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஸ்பிண்டில் அங்கே பழுதுபார்க்க வந்திருந்தது. அது இல்லாமல் அவர்களுடைய பெரிய இயந்திரம் ஒன்று சும்மா நின்றது.

வியாழக்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்து பர்ச்சேஸ் மேலாளர் போன் செய்தார். அங்கே இரவாகிவிட்டிருந்தது. "சார், பட்டறையில ரெடின்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு ஃப்ளைட்ல ஏத்திடலாம்ல? திங்கக்கிழமை எங்க எம்டி கேப்பாரு." வெள்ளி இரவு 8:30க்கு வளைகுடா வழியாகச் சென்னை போகும் பயணிகள் விமானம் இருந்தது. இடமும் இருந்தது. ராக்ஃபோர்டிலிருந்து எங்கள் கிடங்குக்கு லாரியில் ஒன்றரை மணி நேரம்தான். தூரத்தையும் இடத்தையும் மட்டும் பார்த்தால் தாராளமாக முடியும்.

பட்டறையின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். நோன் ஷிப்பராக இருந்தார்கள், ஆனால் வேறு தெருவில். முந்தைய ஆண்டு பெரிய கட்டடத்துக்கு மாறியிருக்கிறார்கள். நோன் ஷிப்பர் பதிவு நிறுவனத்தின் பெயரோடு மட்டுமல்ல, முகவரியோடும் சேர்ந்தது. சரக்கு உண்மையில் எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த இடம்தான் கணக்கு. ஒரே நிறுவனத்துக்கு மூன்று கிடங்கு இருந்தால் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தபால் பெட்டி எண் உதவாது. புது முகவரியை அன்றே ஏற்றினேன். பொருந்தவில்லை என்று வந்தது. புதிதாக இடம் மாறியவர்களுக்கு இப்படி வருவது சகஜம். வெளித் தரவுகளில் இன்னும் பழைய முகவரியே இருக்கும்.

பட்டறை உரிமையாளருக்குக் கோபம். இருபது ஆண்டுகளாகத் தொழில் செய்கிறோம், போன வருடம்கூட உங்கள் மூலம் அனுப்பினோம் என்றார். அவர் சொன்னது எல்லாமே உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை பயணிகள் விமானம் இல்லை என்பது வியாழன் மதியமே உறுதியாகிவிட்டது. ஞாயிறு காலை கிளம்பும் சரக்கு விமானத்துக்கு மாற்றினோம். கோயம்புத்தூர்க்காரரிடம் அதை நேரடியாகச் சொல்லிவிட்டேன். வரும் வராது என்று இழுத்தடிப்பதைவிட அவர்கள் தங்கள் உற்பத்தித் திட்டத்தை மாற்றிக்கொள்ள நேரம் கொடுப்பதுதான் முறை.

சனிக்கிழமை காலை ஸ்பிண்டிலை வைத்த கிரேட், அதாவது மரப்பெட்டி, எங்கள் கிடங்குக்கு வந்தது. ஒன்றரை மீட்டர் நீளம், எழுபது சென்டிமீட்டர் அகலம், முக்கால் மீட்டர் உயரம். எடை 240 கிலோ. எங்கள் எக்ஸ்ரே இயந்திரத்தின் வாய் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்பதால் உள்ளே போய்விட்டது. திரையில் வந்த படத்தில் மரச்சட்டங்களும் ஆணிகளும் தெளிவாகத் தெரிந்தன. நடுவில் ஸ்பிண்டில் இருந்த இடம் மட்டும் ஒரே கருப்பு. கெட்டியான எஃகை அந்தக் கதிர் ஊடுருவவில்லை. படம் பார்ப்பவருக்கு அந்தக் கருப்புக்குள்ளும் அதன் மறைவிலும் என்ன இருக்கிறது என்று சொல்ல வழியில்லை. சொல்ல முடியாவிட்டால் அதைச் சோதித்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. வேறு முறைக்குத்தான் போக வேண்டும்.

வேறு முறை என்றால் அன்றைக்கு இடிடி. வெடிமருந்தின் நுண்ணிய தடயங்களைத் தேடும் கருவி அது. ஒரு துணித்துண்டால் பொருளைத் தடவி, கருவியில் சொருகினால் சில நொடிகளில் பதில் வரும். கேட்க எளிது. ஆனால் தடவ வேண்டியது உள்ளே இருப்பதை. கிரேட்டின் மூடியை நீள ஆணிகளால் சுற்றிலும் அடித்திருந்தார்கள். கடப்பாரை வைத்து மெல்ல நெம்பி எடுத்தும் ஒரு பலகை பிளந்துவிட்டது. உள்ளே பஞ்சுத் தடுப்பு, அதற்குள் வெள்ளி நிறத்தில் ஒட்டிமூடிய ஃபாயில் பை, காற்றை உறிஞ்சி இறுக்கியது. கடல்காற்று, ஈரம் படாமல் துருப்பிடிக்காமல் இருக்க அவ்வளவு அக்கறையாகப் போட்ட பை. அதை ஓர் ஓரத்தில் வெட்ட வேண்டியிருந்தது.

சோதனை செய்யும் பெண் பொறுமையானவர். ஸ்பிண்டிலின் தட்டு, தண்டு முனை, பையின் உட்புறம், பஞ்சின் அடிப்பகுதி, கிரேட்டின் உள்மூலைகள் என்று ஒவ்வொன்றாகத் தடவினார். எல்லாம் சுத்தம் என்று வந்தது. பிறகு பையை மடித்து அலுமினிய டேப்பால் ஒட்டினோம். புது ஈரம் உறிஞ்சும் பொட்டலம் பட்டறையிலிருந்து இன்னொரு லாரியில் வந்தது. பிளந்த பலகைக்குப் பதில், வெப்பமூட்டிய முத்திரை உள்ள பலகையாகத் தேடிப் போட்டோம். முத்திரை இல்லாத மரம் போனால் சென்னையில் தாவரப் பாதுகாப்பு அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள். சாதாரணமாகக் கால் மணியில் முடிகிற வேலை, அன்று மதியத்தைத் தாண்டியது. ஃப்ரெயிட்டரின் கட்-ஆஃப், அதாவது சரக்கை ஒப்படைக்கக் கடைசி நேரம், மாலை ஆறு மணி என்பதால் தப்பித்தோம். அதுவே வெள்ளிக்கிழமை பயணிகள் விமானமாக இருந்திருந்தால், நோன் ஷிப்பர் பதிவு சரியாக இருந்திருந்தாலும்கூட அந்தப் பேக்கிங்கே அதைத் தவறவிட வைத்திருக்கும்.

சரி, கட்-ஆஃப் கணக்குக்கு வருவோம். விமான நிறுவனம் சொல்லும் கட்-ஆஃப் ஒரே எண் அல்ல. அந்த வெள்ளிக்கிழமை விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு 8:30 புறப்பாடு. சோதித்து, தாள்களோடு தயாராக வரும் சரக்குக்கு, விமான நிறுவனம் லாரியிலிருந்து சரக்கை இறக்கி ஏற்கும் டாக்கில் கடைசி நேரம் மாலை 3:30. சோதிக்காமல் வந்து அவர்களே சோதிக்க வேண்டிய சரக்குக்கு மதியம் 12:30. ஐந்து மணி நேரமும் எட்டு மணி நேரமும். இந்த இடைவெளி நிறுவனத்துக்கு நிறுவனம், நிலையத்துக்கு நிலையம் மாறும். சின்ன உள்நாட்டு விமானத்துக்கு மிகக் குறைவாகவும் இருக்கும். மாறாதது ஒன்றுதான். சோதனையை யார், எங்கே செய்கிறார்கள் என்பதுதான் அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் நேரம்.

விமான நிறுவனத்தின் டாக்கில் சோதிக்கக் கொடுத்தால் எல்லா ஃபார்வர்டர்களின் சரக்கோடும் வரிசையில் நிற்க வேண்டும். வெள்ளி மதியம் அந்த வரிசை எப்படி இருக்கும் என்று ஓஹேரில் லாரி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே பெட்டியைத் திறக்க நேர்ந்தால் திரும்ப மூடுபவருக்கு உங்கள் பொருளைப் பற்றி எதுவும் தெரியாது. எங்கள் கிடங்கு சிசிஎஸ்எஃப், அதாவது டிஎஸ்ஏ சான்று பெற்ற சோதனைக் கூடம். இங்கேயே சோதித்து, திறந்தால் தெரியும் டேப் ஒட்டி, சோதித்ததற்கான தாளோடு அனுப்பிவிடுகிறோம். டாக்கில் அதைத் திரும்பச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே எங்கள் கணக்கு 3:30 என்ற எண்ணிலிருந்து பின்னோக்கி ஓடும். டாக்கில் லாரி வரிசைக்கு ஒன்றரை மணி. கிடங்கிலிருந்து ஏற்றிப் போக அரை மணி. ஆக 1:30க்கு எங்கள் வாசலை விட்டுக் கிளம்ப வேண்டும். சாதாரண அட்டைப் பெட்டிகள் என்றால் 12 மணிக்கு எங்களிடம் வந்தால் போதும். திறக்க நேரலாம் என்று தெரியும் கனமான பொருள் என்றால் 10 மணிக்கே கேட்பேன். ராக்ஃபோர்டில் எட்டு மணிக்கே ஏற்றினால்தான் அது நடக்கும். ராத்திரி விமானத்துக்குக் காலையிலேயே சரக்கு கேட்பதன் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சோதித்த பிறகு நடுவழியில் கெட்டுப்போவதும் உண்டு. சோதித்த சரக்கு எந்த நிமிடமும் அனுமதி பெற்ற ஆட்களின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். லாரி ஓட்டுநருக்கு டிஎஸ்ஏவின் பின்னணிச் சோதனை முடிந்திருக்க வேண்டும், டாக்கில் அடையாள அட்டையும் காட்ட வேண்டும். வழக்கமான ஓட்டுநர் வராமல் கம்பெனி வேறொருவரை அனுப்பி, அவர் அந்தச் சோதனை முடிக்காதவர் என்று தெரிந்தால் அவ்வளவுதான். லாரியில் இருக்கும் சரக்கு முழுவதும் சோதிக்காத சரக்காகிவிடும். 3:30 கட்-ஆஃப் 12:30 ஆக மாறும், அப்போது மணி மூன்றாகியிருக்கும். டேப் கிழிந்திருந்தாலும் கதை இதேதான். அதனால் டாக்கில் நெரிசலில் ஃபோர்க்லிஃப்ட் இடித்து டேப் கிழிய வாய்ப்புள்ள ஓரங்களில் நாங்கள் ஒட்டுவதில்லை. மூடி சேரும் இடத்தில், ஆனால் மூலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்டுகிறோம்.

பேக்கிங் பற்றிப் பட்டறைக்காரர்களிடம் பின்னர் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சின் சாரத்தை இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். பெட்டியை யாரோ ஒருவர், உங்கள் பொருளைப் பற்றித் தெரியாதவர், அவசரத்தில் திறந்து மூடுவார் என்று வைத்துக்கொண்டு பேக் செய்யுங்கள். ஆணி வேண்டாம், திருகாணி போடுங்கள். எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று மூடியில் பெரிதாக எழுதுங்கள். என்ன முனை உள்ள திருகி வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஒரே ஒரு மூடியை எடுத்தால் பொருள் முழுவதும் கைக்கு எட்டுமாறு தடுப்புகளை அமையுங்கள். ஃபாயில் பைக்குப் பதில், துருத் தடுக்கும் ஆவி வரும் தாள் பையை, ஜிப் வைத்ததாகப் போடுங்கள். அப்படி முடியாது, உறிஞ்சி மூடியே ஆக வேண்டும் என்றால் உள்ளே ஒரு மாற்றுப் பையும், ஈரம் உறிஞ்சும் பொட்டலமும், மூடும் விதத்தைக் காட்டும் ஒரு தாளும் வையுங்கள். "திறக்காதீர்கள்" என்று எச்சரிக்கை ஒட்டுவதால் பலன் இல்லை. திறக்க முடியாத, வேறு எந்த முறையிலும் சோதிக்க முடியாத பெட்டி ஏற்றப்படாது. அவ்வளவுதான்.

அட்டைப் பெட்டிகளைப் பலகையில் அடுக்கி அனுப்புகிறவர்களுக்கு வேறு சிக்கல். இருபத்து நான்கு பெட்டிகளை அடுக்கி, கருப்பு ஸ்ட்ரெட்ச் ராப்பை இறுக்கிச் சுற்றி, விமானச் சரக்குக்கான தாளான ஏர்வே பில்லில் ஒரு பீஸ் என்று போடுவார்கள். கட்டணத்துக்கும் ஏற்றிறக்கத்துக்கும் அது ஒன்றுதான். ஆனால் சோதனை பொதுவாகத் தனிப் பெட்டி அளவில் நடக்கும். ராப்பைக் கிழித்து, இருபத்து நான்கையும் இறக்கி, ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, திரும்ப அடுக்கிச் சுற்ற வேண்டும். ஸ்கிட்டை, அதாவது பலகையோடு சேர்ந்த அடுக்கை, அப்படியே விழுங்கும் பெரிய எக்ஸ்ரே எல்லாக் கிடங்கிலும் இருப்பதில்லை. ஆகவே ஏர்வே பில்லில் ஸ்கிட் எண்ணிக்கையோடு பெட்டி எண்ணிக்கையையும் எழுதுங்கள். ராப் நிறமற்றதாக இருக்கட்டும். உயரம் 160 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரிய பயணிகள் விமானத்தின் வயிற்றிலும் நுழையும். அதைத் தாண்டினால் சோதனை முடிந்தும் ஃப்ரெயிட்டருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

பழைய பொருள் அனுப்புகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். அயோவா பக்கத்திலிருந்து விவசாய இயந்திர உதிரிபாகம் ஒன்று வந்தது. பல ஆண்டு உரத்தூசி அதன் இடுக்குகளில் படிந்திருந்தது. இடிடி கருவி அலறியது. சில உரங்களில் இருப்பதும் வெடிமருந்தில் இருப்பதும் ஒரே வேதிப்பொருள், கருவிக்கு வித்தியாசம் தெரியாது. அலறிய பிறகு அதைத் தீர்க்க விதிப்படி ஒரு வழி இருக்கிறது. அது முடியும்வரை பெட்டி நகராது. அந்தச் சரக்கு அன்று போகவில்லை. பயன்படுத்திய பாகத்தை நன்றாகக் கழுவி, காயவைத்து, சுத்தமான இடத்தில் பேக் செய்யுங்கள். உர மூட்டை வைத்திருந்த பலகையை மட்டும் எடுக்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் இந்தியாவிலும் பிரச்சினை வரும், அதற்கும் இதுவே தீர்வு.

இப்போது எங்களுக்குப் பெரிய உதவி நாய்கள். தனியார் மோப்ப நாய் குழுக்களைப் பயணிகள் விமானச் சரக்குக்குப் பயன்படுத்த டிஎஸ்ஏ 2018 முதல் அனுமதித்திருக்கிறது. பெட்டியைத் திறக்க வேண்டாம், ராப்பைக் கிழிக்க வேண்டாம், எஃகு எவ்வளவு கெட்டியானாலும் கவலையில்லை. எங்கள் கிடங்குக்குக் குறிப்பிட்ட நேரத்தில் வருவார்கள். ஸ்கிட்களை இடைவெளி விட்டு வரிசையாக வைத்திருப்போம். பயிற்றுநர் கையால் காட்டிக்கொண்டே நடப்பார், நாய் ஒவ்வொன்றின் இடுக்கிலும் மூக்கை வைத்தபடி போகும். ஏதாவது பட்டால் குரைக்காது, அங்கேயே உட்கார்ந்துவிடும். வரிசை முழுக்கச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் நாய்க்கும் வேலை நேரம், ஓய்வு நேரம் உண்டு. அவர்கள் வரும் காலை பதினொரு மணிக்குள் வந்து சேராத சரக்கு அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது எக்ஸ்ரேவுக்கும் கடப்பாரைக்கும் போக வேண்டும். முதல் ஸ்பிண்டில் வந்த சனிக்கிழமை அவர்கள் வரும் நாள் அல்ல.

ராக்ஃபோர்ட் பட்டறையின் புது முகவரிக்கு எங்கள் ஆள் நேரில் போய்வந்து, தாள்கள் சரிபார்த்து, நோன் ஷிப்பர் பதிவு கிடைத்தது. சில மாதம் கழித்து அதே கோயம்புத்தூர் தொழிற்சாலைக்கு இரண்டாவது ஸ்பிண்டில் தயாரானது. இந்த முறை பட்டறையே எனக்கு நான்கு நாள் முன்னால் எழுதியது. கிளம்பும் முகவரி, அளவு, எடை, எந்த உலோகம், எப்படித் திறக்கலாம், எல்லாம் அதில் இருந்தது. வியாழன் மாலையே ஏற்றி வெள்ளி காலை நாய் வரும் நேரத்துக்கு முன்பே கிடங்கில் வைத்துவிட்டோம். திருகாணிகள் தொடப்படவே இல்லை. 1:30க்கு முன்பே லாரி கிளம்பி, இரவு 8:30 விமானத்தில் ஏறியது. சென்னையிலிருந்து லாரியில் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததும் மேலாளர் செய்தி அனுப்பினார்.

இங்கிருந்து ஊருக்குத் திரும்பும் நம் குடும்பங்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டுச் சாமான்களை விமானத்தில் அனுப்பலாமா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். தனிமனிதரும் வீட்டு முகவரியும் நோன் ஷிப்பர் ஆவது பொதுவாக நடக்காது. ஆகவே அமெரிக்காவிலிருந்து அந்தச் சாமான்கள் பயணிகள் விமானத்தில் போகாது, நீங்கள் போகிற அதே விமானத்தில் அனுப்பச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. ஃப்ரெயிட்டர் உள்ள வழியாகப் பாருங்கள். பெட்டிகளை வீட்டிலேயே சுற்றிச் சுற்றி டேப் ஒட்டி இரும்புக்கோட்டை ஆக்காதீர்கள், அவையும் சோதிக்கப்படும். ஒவ்வொரு பெட்டிக்கும் என்ன உள்ளே என்ற பட்டியலை வெளியே ஒட்டாமல், ஃபார்வர்டரிடம் கொடுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள பொருளை, பழைய லேப்டாப், பவர் பேங்க் எல்லாவற்றையும், முதலிலேயே தனியாக எடுத்துச் சொல்லுங்கள். அதற்கு வேறு விதிகள் உண்டு.

பட்டறை உரிமையாளர் பின்னர் கேட்டார், நாங்களே சிசிஎஸ்எஃப் ஆகிவிட்டால் என்ன என்று. பேக் செய்யும்போதே தங்கள் ஆட்களே சோதித்து மூடிவிட்டால் யாரும் திறக்க வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். எண்ணம் சரி. மருத்துவக் கருவி செய்யும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அப்படித்தான் செய்கிறார். கிருமிநீக்கிய பொட்டலத்தைக் கிடங்கில் ஒருவர் திறந்தால் மொத்தமும் குப்பை, அதனால் அவருக்கு வேறு வழியில்லை. ஆனால் அதற்குத் தனி அறை வேண்டும், உள்ளே வருபவர் எல்லோருக்கும் பின்னணிச் சோதனை வேண்டும், ஆண்டுதோறும் பயிற்சி, பதிவேடுகள், எப்போது வேண்டுமானாலும் வரும் டிஎஸ்ஏ ஆய்வு. சான்றும் 36 மாதத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். மாதம் ஒன்றிரண்டு ஸ்பிண்டில் அனுப்பும் எட்டுப் பேர் பட்டறைக்கு இது தாங்காது என்று சொன்னேன். ஜிப் வைத்த பையும், திருகாணியும், வியாழன் மாலை பிக்கப்பும் அவர்களுக்குப் போதும். அவர் இப்போது அதைத்தான் செய்கிறார். கிரேட் செய்யும் தச்சரிடம் மூடியில் திருகி முனையின் எண்ணையும் சுட்டு எழுதச் சொல்லிவிட்டார்.